கை நன்றாக இருக்கும்போதே எழுத்தும் கணக்கும் போய்விட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரணியில் ஓர் அரிசி மண்டி. அங்கே கணக்கு எழுதும் 61 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. வலது கைப் பழக்கம். காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் கல்லாவில் உட்காருகிறார். 26 மூட்டை, மூட்டை 1,250 ரூபாய், மொத்தம் 32,500. முன்பணமாக வந்தது 18,700. பாக்கி 13,800 என்று எழுத வேண்டியவர் 26,200 என்று எழுதுகிறார். கடன் வாங்கிக் கழிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறார். பக்கத்தில் ‘மூட்டை’ என்று எழுத முயல்கிறார். எழுத்துகள் பாதியில் நிற்கின்றன, கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. பேச்சு தெளிவாக இருக்கிறது. நடக்கிறார். வாய் கோணவில்லை. பேனாவைப் பிடிக்கும் பலத்தில் ஒரு குறையும் இல்லை.

இதைப் பக்கவாதம் என்று நினைக்கத் தோன்றாது. முதல் தவறும் பெரிய தவறும் அதுதான். பக்கவாதம் என்றதும் கையும் காலும் விழுவதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். இங்கே அடிபட்டிருப்பது கை கால்களை இயக்கும் பகுதி அல்ல. இடது காதுக்குச் சற்று மேலும் பின்னும், மண்டை ஓட்டுக்குள் இருக்கும் ஆங்குலர் ஜைரஸ் என்ற சிறிய மடிப்பு. நடு மூளைத் தமனியின் ஒரு கிளை அடைத்துக்கொண்டால் இந்த இடம் ரத்தமின்றித் தவிக்கும். ரத்தக்கசிவு, கட்டி, தலையில் அடி ஆகியவையும் இதே இடத்தைக் கெடுக்கலாம். அப்போது நான்கு குறைகள் சேர்ந்து வருவதுண்டு: எழுத முடியாமை, கணக்குப் போட முடியாமை, விரல்களை இனம் காண முடியாமை, இடது வலது தடுமாற்றம். வியன்னாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் யோசஃப் கெர்ஸ்ட்மன் 1924-இல் தன் விரல்களையே அடையாளம் காண முடியாத 52 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். 1930-க்குள் மற்ற குறைகளையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் இது கெர்ஸ்ட்மன் சிண்ட்ரோம் எனப்படுகிறது.

நம் கணக்குப்பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கும்? “அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, கண்ணாடியை மாற்ற வேண்டும்” என்று மகன் சொல்வார். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கக்கூடும். மூளையின் இந்தப் பக்கம் பாதிக்கப்பட்டால் சிலருக்கு இரு கண்களிலும் வலப்புறப் பார்வையின் கீழ்ப்பகுதி மறைந்துபோகும். ஆனால் அதைக் கண்ணாடிக் கடையில் சரிசெய்ய முடியாது. இன்னொருவர் வெயில் என்பார், வேறொருவர் வயது என்பார். நேற்று மாலை வரை பேரேட்டைப் பிசகில்லாமல் எழுதியவருக்கு இன்று காலை எழுத வரவில்லை என்றால் அது வயது அல்ல. வயதால் வரும் மறதி ஒரு காலைப் பொழுதில் வந்து உட்காராது.

வீட்டில் சர்க்கரைக் கருவி இருந்தால் உடனே பார்த்துவிடலாம். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் இப்படித் தடுமாற்றம் வரும்; அப்போது சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் தெளிந்துவிடுவார். அளவு சரியாக இருந்தால் மேலும் காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். ‘ரத்தத்தை நீர்க்கச் செய்யும்’ என்று ஆஸ்பிரின் மாத்திரையை வீட்டிலேயே கொடுப்பது ஆபத்து. அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே எதிரியாகிவிடும்.

ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இந்தக் கணக்கு குறையைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. ஏழரை மணிக்கு மனைவியிடம் பால் கணக்கைச் சரியாகச் சொல்லியிருந்தால் ஏழரைதான் தொடக்கம். தூங்கி எழுந்தபோதே இப்படி இருந்தால் படுக்கப்போன நேரத்தைச் சொல்ல வேண்டும். ஆரணியிலிருந்து வேலூருக்கு வரும் வழி நேரத்தையும் ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால், கண்ணாடிக் கடைக்கு ஒதுக்க எதுவும் மிச்சமில்லை.

மருத்துவமனைக்குப் போன பிறகும் இது நழுவிவிடக்கூடும். பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் மதிப்பெண் முறையில் எழுதச் சொல்வதில்லை, கணக்குக் கேட்பதில்லை, விரல்களைச் சோதிப்பதில்லை. நம் கணக்குப்பிள்ளை அதில் ஏறக்குறைய பூஜ்யம் வாங்கி, ‘லேசானது’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடலாம். எழுத்தாலும் எண்ணாலும் பிழைப்பவருக்கு இது லேசான குறை அல்ல. அவர் என்ன தொழில் செய்கிறார், நேற்று எதைச் செய்ய முடிந்தது, இன்று எது முடியவில்லை என்று குடும்பத்தார் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். அன்று காலை அவர் எழுதிய பக்கத்தையும் முந்தைய நாள் பக்கத்தையும் கையோடு கொண்டுபோவது மிக நல்லது. முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அடைப்பின் அடையாளம் தெரியாமல் போகலாம். ‘ஸ்கேன் நார்மல்’ என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில்தான் அது தெளிவாகத் தெரியும்.

இனி, சோதிக்கும் விதத்தில் நேரும் தவறுகள். இவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செவிலியர், பிசியோதெரபிஸ்ட், பயிற்சி மருத்துவர் எல்லோரும் வழுக்கும் இடம் இது.

“ஐயா, ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்பார்கள். அவர் அழகாகப் போட்டுவிடுவார். எழுத்து சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான முறை போட்டுப் பழகிய கையெழுத்து மூளை அடிபட்ட பிறகும் தப்பிவிடும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை ஒரு வரியாக எழுதச் சொல்ல வேண்டும். பிறகு நாம் சொல்லச் சொல்ல எழுத வைக்க வேண்டும். பிறகு ஒரு வரியைப் பார்த்து எழுத வைக்க வேண்டும். பார்த்து எழுதுவது ஓரளவு வந்து, சொந்தமாக எழுதுவதும் கேட்டு எழுதுவதும் சிதைந்தால் குறை கையில் இல்லை என்பது புலப்படும்.

கணக்கிலும் இப்படித்தான். “ஏழு எட்டு?” என்று கேட்டால் “56” என்று பளிச்சென்று வரலாம். வாய்ப்பாடு பாட்டுப்போல் நாவில் ஊறியது. எண்ணின் அளவை மனத்தில் பிடிக்க முடியாதவருக்கும் அது மிஞ்சியிருக்கக்கூடும். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: 83-இல் 27 போக மீதி எவ்வளவு? 11-க்கும் 19-க்கும் சரி நடுவில் எந்த எண்? இவற்றில்தான் ஓட்டை தெரியும். பள்ளிக்கூடம் போகாதவரிடம் காகிதத்தை நீட்டக் கூடாது. சந்தையில் கீரை விற்கும் அம்மாவுக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு 35 ரூபாய் போகச் சில்லறை கொடுக்கத் தெரியும். நாணயங்களையும் நோட்டுகளையும் மேசையில் வைத்து அதையே செய்யச் சொல்லலாம்.

விரல் சோதனையில் நடக்கும் தவறு, பெயரை மட்டும் கேட்பது. மோதிர விரலை நடுவிரல் என்று சொன்னால் விரல் தெரியவில்லை என்றும் கொள்ளலாம், சொல் வரவில்லை என்றும் கொள்ளலாம். எது என்று பிரிக்கப் பேச்சில்லாத சோதனை ஒன்று உண்டு. அவர் கண்களை மூடி உள்ளங்கைகளை மேசையில் கவிழ்த்து வைக்கட்டும். ஒரு கையில் ஒரு விரலைத் தொட்டு, மறு கையில் அதே விரலை அசைக்கச் சொல்லுங்கள். அடுத்து ஒரே கையில் இரண்டு விரல்களைத் தொட்டு, நடுவில் எத்தனை விரல் இருக்கிறது என்று கேளுங்கள். கட்டைவிரலையும் சுண்டு விரலையும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்; நடுவில் இருக்கும் மூன்றில்தான் குழம்புவார்கள். அதனால் ஒருமுறை கேட்டு நிறுத்தாமல் பல முறை மாற்றி மாற்றித் தொட வேண்டும். இரு கைகளையும் பார்ப்பது அவசியம். அடிபட்டது இடது மூளைதான் என்றாலும் இந்தக் குழப்பம் இரண்டு கைகளிலும் இருக்கும். வலது கையில் மட்டும் தவறினால் முதலில் தொடு உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடது வலது கேட்கும்போது நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘சோற்றுக்கை’ என்று சொல்லிக் கேட்டால் சாப்பிடும் பழக்கமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். “இடது கையால் வலது காதைத் தொடுங்கள்” என்று குறுக்காகக் கேட்க வேண்டும். பிறகு எதிரே நிற்கும் நம்முடைய இடது தோளைக் காட்டச் சொல்ல வேண்டும். இதற்கு முன்பே, “கதவைக் காட்டிவிட்டுப் பேனாவை எடுங்கள்” என்பதுபோல் திசை இல்லாத இரண்டு வேலைகளைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அதையே செய்ய முடியாதவருக்குச் சொன்னதைப் புரிந்துகொள்வதில் குறை இருக்கலாம். அப்போது மேலே சொன்ன சோதனைகளின் முடிவுகளை நம்ப முடியாது. பிறவியிலிருந்தே இடது வலது தடுமாறுபவர்களும் உண்டு என்பதால் பழைய வழக்கத்தை வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நான்கும் இருந்தால் ஆங்குலர் ஜைரஸ் மட்டும்தான் என்று முடிவுகட்டுவதும், ஒன்று குறைந்தால் இந்த நோயே இல்லை என்று ஒதுக்குவதும் ஒரே அளவு தவறு. நான்கு மட்டும் தனித்து வருவது அரிது. பேச்சுக் குறை, வாசிப்புக் குறை, படம் வரைய முடியாமை ஏதாவது ஒட்டிக்கொண்டே வரும். இதைக் காட்டித்தான் அமெரிக்க நரம்பு உளவியலாளர் ஆர்தர் பென்டன் 1961-இல் இப்படியொரு தொகுப்பே கற்பனை என்று வாதாடினார். 2009-இல் ஆரோக்கியமானவர்களிடம் செய்த எம்.ஆர்.ஐ. ஆய்வு வேறொரு விளக்கத்தைத் தந்தது: நான்கு திறன்களும் மூளை மேற்பரப்பில் தனித்தனி இடங்களில் இயங்குகின்றன, ஆனால் அவற்றின் நரம்பிழைகள் கீழே ஒரே இடத்தில் நெருங்கிச் செல்கின்றன. அங்கே ஒரு சிறிய சேதம் போதும், நான்கும் சேர்ந்து போவதற்கு. எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் முழுத் தொகுப்பு ஏன் இத்தனை அரிது என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

வீடு திரும்பிய பிறகு இன்சுலினை அவர் கையிலேயே விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்தான தவறு. அவர் பழையபடி பேசுவார், பழையபடி ஊசியைப் பிடிப்பார். 14 யூனிட் என்பது 41 ஆகிவிட்டால் அவருக்குத் தெரியாது. எண்ணும் எழுத்தும் திரும்பும் வரை அளவை இன்னொருவர் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கையெழுத்து அப்படியே இருப்பதால் வங்கிக் காசோலையிலும் பத்திரத்திலும் போட்டுவிடுவார். தொகையை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அது என்னவென்று அவர் வாயால் சொல்லக் கேட்ட பிறகே பேனாவை நீட்டுங்கள். ஸ்கூட்டர் சாவியை எடுத்து வையுங்கள். இடப்பக்கம் திரும்பச் சொன்னால் வலப்பக்கம் திரும்பக்கூடியவர், வலப்புறத்தில் ஒரு பகுதியைப் பார்க்காமலும் இருக்கக்கூடியவர், மருத்துவர் பார்வைப் புலத்தைச் சோதித்துச் சரி என்று சொல்லும் வரை வண்டி ஓட்டக் கூடாது.