டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பு ஆம்ப்ளிஃபயர்: கணக்கில் சறுக்கும் இடங்கள்

"இந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து எத்தனை வரை வேலை செய்யும்?" என்று கேட்பதிலேயே முதல் தவறு ஒளிந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கென்று தனியாக அப்படி ஒரு எல்லை கிடையாது. அதை ஓட்டும் ஸ்டேஜும் அதன் மேல் மாட்டும் லோடும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

சமானச் சுற்றை மனதில் வரைந்துகொள்ளுங்கள். லீக்கேஜ் இண்டக்டன்ஸ் சிக்னல் போகும் வழியில் தொடராக நிற்கிறது. மேக்னடைசிங் இண்டக்டன்ஸ் பிரைமரிக்குக் குறுக்கே நிற்கிறது. குறைந்த அதிர்வெண்ணில் குறுக்கே இருப்பது சிக்னலைத் தின்றுவிடும். அதிக அதிர்வெண்ணில் தொடராக இருப்பது வழியை அடைக்கும்.

ஒரு டிரயோடு ஸ்டேஜை எடுப்போம். பிளேட் ரெசிஸ்டன்ஸ் 800 ஓம், ஸ்பீக்கர் 8 ஓம், சுற்று விகிதம் 20:1. லோடைப் பிரைமரிக்குக் கொண்டுவரும்போது 20-ஆல் பெருக்கி 160 ஓம் என்று எழுதுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விகிதத்தின் வர்க்கத்தால், அதாவது 400-ஆல் பெருக்க வேண்டும். 3200 ஓம் வரும். பிரைமரிப் பக்கம் பார்த்தால் மேக்னடைசிங் 10 ஹென்ரி, லீக்கேஜ் 20 மில்லிஹென்ரி என்று வைத்துக்கொள்வோம். சுருளின் ரெசிஸ்டன்ஸை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

```
fL = (Rs || RL') / (2π Lm) = 640 / (2π × 10)    ≈ 10 Hz
fH = (Rs + RL') / (2π Lk)  = 4000 / (2π × 0.02) ≈ 32 kHz
```

பலர் இடறுவது இங்கேதான். இரண்டு எல்லைக்கும் ஒரே ரெசிஸ்டன்ஸைப் போட்டுவிடுகிறார்கள். கீழ் எல்லைக்கு வெறும் 3200 ஓம் போட்டால் 51 ஹெர்ட்ஸ் வரும். பயந்துபோய் தேவையில்லாமல் பெரிய கோர் தேடுவார்கள். மேக்னடைசிங் இண்டக்டன்ஸ் ஸ்டேஜையும் லோடையும் ஒருசேரப் பார்க்கிறது, அதனால் இரண்டும் இணையாகக் கணக்கில் வரும். லீக்கேஜுக்கு அவை வரிசையாக நிற்கின்றன, அதனால் கூட்ட வேண்டும்.

சரி, அதே டிரான்ஸ்ஃபார்மரை 40 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டன்ஸ் உள்ள பெண்டோடில் மாட்டினால்? இணை மதிப்பு 2963 ஓம். கீழ் எல்லை 47 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு சுற்றுகூட மாறவில்லை, ஆனால் பேஸ் போய்விட்டது. மேல் பக்கம் சூத்திரம் 344 கிலோஹெர்ட்ஸ் என்று ஆசை காட்டும். நம்ப வேண்டாம், அதற்கு வெகுமுன்பே சுருள்களின் கெபாசிட்டன்ஸ் குறுக்கே வந்துவிடும்.

அடுத்தது அளவிடுவதில் வரும் தவறு. ஒருமுறை நான் செகண்டரியைத் திறந்து வைத்து, எல்சிஆர் மீட்டரை 1 கிலோஹெர்ட்ஸில் வைத்தபோது 12.5 ஹென்ரி காட்டியது. மகிழ்ச்சியாக எழுதியும் வைத்துக்கொண்டேன். அப்புறம் 100 ஹெர்ட்ஸில் பார்த்தால் 10 ஹென்ரி. சுருளின் 500 பிகோஃபாரட் அளவு கெபாசிட்டன்ஸ் 10 ஹென்ரியோடு சேர்ந்து 2.25 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு தருகிறது; அதை நெருங்க நெருங்க மீட்டர் கூட்டித்தான் காட்டும். அதைத் தாண்டினால் மீட்டர் அதைக் கெபாசிட்டர் என்றே சொல்லும்!

லீக்கேஜுக்குத் தலைகீழ்: செகண்டரியை ஷார்ட் செய்து 10 கிலோஹெர்ட்ஸில் அளக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் 20 மில்லிஹென்ரியின் தடை 126 ஓம்தான். சுருள் ரெசிஸ்டன்ஸே அந்த அளவுக்கு வந்துவிடலாம். ஷார்ட் செய்யும் கம்பியும் குட்டையாக, தடிமனாக இருக்கட்டும். அதில் 0.1 ஓம் இருந்தாலும் பிரைமரியில் அது 40 ஓமாகத் தெரியும்.

மீட்டர் காட்டும் 10 ஹென்ரி, டிசி பாயாதபோது உள்ள மதிப்பு என்பதையும் மறந்துவிடுகிறோம். ஒற்றை வால்வு ஸ்டேஜில் பிளேட் கரண்ட் முழுவதும் பிரைமரி வழியாகத்தான் போகிறது. கோரில் காற்று இடைவெளி இல்லையென்றால் அது செறிவுநிலையை நெருங்கி, இண்டக்டன்ஸ் சரியும். 2 ஹென்ரிக்கு விழுந்தால் டிரயோடிலேயே கீழ் எல்லை 51 ஹெர்ட்ஸ். டிசி ஓடும்போது அளந்த மதிப்பைத்தான் கணக்கில் போட வேண்டும்.

கடைசியாக, லோடு மாட்டாமல் ரெஸ்பான்ஸ் எடுப்பது. (பெண்டோடு ஸ்டேஜில் இதைச் செய்யவே கூடாது, பிளேட்டில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.) நம் டிரயோடு ஸ்டேஜில், பிரைமரியிலிருந்து பார்த்த அந்த 500 பிகோஃபாரட் லீக்கேஜுக்கு அப்பால், செகண்டரிப் பக்கம் இருப்பதாக எடுத்துக்கொண்டால், 20 மில்லிஹென்ரியோடு சேர்ந்து 50 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு வரும். அதை அடக்க 800 ஓம் மட்டுமே இருப்பதால் Q கிட்டத்தட்ட 8. ஏறக்குறைய 18 டெசிபல் உயரத்துக்கு ஒரு கூம்பு எழும். சதுர அலை கொடுத்தால் ஒவ்வொரு விளிம்பிலும் நடுங்கும் வால் ஒன்று தெரியும். இதைப் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் மோசம் என்று கழற்றிவிடாதீர்கள். 8 ஓம் லோடை மாட்டினால் Q 0.53-க்கு இறங்கி, கூம்பும் வாலும் மறைந்துவிடும்.