ஒலி விவரணை: இடைவெளியை அளக்காமல் எழுதத் தொடங்காதீர்கள்

ஏற்கெனவே எடுத்து முடித்த ஒரு பாடக் காணொளிக்கு, பார்வையற்றோரும் பின்தொடரும்படி விவரணைத் தடம் சேர்க்கும் பணியில் புதியவர்கள் பலரை நெறிப்படுத்தி வருகிறேன். உச்சரிப்புப் பிழை, இரைச்சல் போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நாங்கள் தொடக்கத்தில் செய்த வேறு சில தவறுகள்தாம் அவர்களிடமும் அப்படியே தொடர்கின்றன.

அளக்காமல் எழுதுதல்

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். அமில–காரத் தரம் பார்த்தலை விளக்கும் நான்கு நிமிடக் காணொளி ஒன்றுக்கான விவரணை, முழுவதும் பதிவு செய்யப்பட்ட பிறகே என்னிடம் சரிபார்ப்புக்கு வந்தது. ஆய்வக மேசை, ஆசிரியரின் வெள்ளை அங்கி, சுவரிலுள்ள தனிம அட்டவணை ஆகிய அனைத்தும் அழகான வாக்கியங்களில் இருந்தன. ஆனால் கரைசல் நிறம் மாறும் தருணத்தில் விவரிப்பவரின் குரல் ஆசிரியரின் விளக்கத்தின் மீது ஏறியதால், இரண்டில் எதுவுமே புரியவில்லை. வாக்கியத்தை வேகமாகப் படித்தோ ஒலியைக் குறைத்தோ இதைச் சரிசெய்ய முடியாது. எழுத்தையே மாற்ற வேண்டியிருந்ததால், பதிவு முழுவதும் வீணானது.

எழுதுவதற்கு முன் இரண்டு பட்டியல்கள் வேண்டும். முதலில் திரையை மறைத்துக்கொண்டு காணொளியைக் கேட்டு, எங்கெல்லாம் பொருள் நழுவுகிறது என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் “இதை”, “இங்கே”, “இப்போது பாருங்கள்” என்று சொல்லும் இடங்கள்தாம் பெரும்பாலும் அவை. அடுத்து, பேச்சில்லாத இடைவெளிகளின் தொடக்கத்தையும் முடிவையும் நொடிக் கணக்கில் எழுதுங்கள்.

அந்தக் காணொளியில் ஆசிரியர் 2:40-இல் “இப்போது பாருங்கள்” என்கிறார். 2:41 முதல் 2:47 வரை பேச்சில்லை. முன்னும் பின்னும் அரை நொடி விட்டால் நமக்குக் கிடைப்பது ஐந்து நொடி. தமிழ்ச் சொற்கள் விகுதிகளோடு நீள்பவை என்பதால், நிதானமான வாசிப்பில் நொடிக்கு ஒன்றரைச் சொல் என்றே நான் கணக்கிடுகிறேன். அதன்படி ஏழு சொற்களுக்கு மேல் இடமில்லை. “குடுவைக் கரைசலில் இளஞ்சிவப்பு தோன்றி, குலுக்கியதும் மறைகிறது” என்ற ஆறு சொற்கள் அதில் அமைதியாக அடங்கின. ஆனாலும் கணக்கை மட்டும் நம்பாமல், காணொளியை ஓடவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே வாக்கியத்தை உறுதி செய்யுங்கள்.

தேவையான இடத்தில் இடைவெளியே இல்லாதபோது, செய்தியை முன்னே நகர்த்தலாம். அதே காணொளியின் தொடக்கத்தில் ஒன்பது நொடி இசை ஓடுகிறது. விவரணை எழுதிய புதியவர் அங்கே திரையில் தெரியும் சின்னத்தின் வடிவத்தை விவரித்திருந்தார். அதை நீக்கிவிட்டு, “தாங்கியில் செங்குத்தாகப் பியூரெட்; அதன் கீழே நிறமற்ற கரைசலுடன் கூம்புக் குடுவை” என்று வைத்தோம். கருவிகளின் அமைப்பு முன்பே மனத்தில் பதிந்துவிட்டதால், பின்னால் வரும் குறுகிய இடைவெளிகளில் மாற்றங்களை மட்டும் சொன்னால் போதுமானதாக இருந்தது.

நகர்த்தவும் முடியாவிட்டால், படத்தை நிறுத்திவைத்து விவரிக்கலாம். இணைய அணுகல் நெறிமுறைகள் இதை நீட்டித்த விவரணை என்று தனியாகவே வகுத்துள்ளன. பியூரெட்டின் தொடக்க அளவையும் இறுதி அளவையும் ஆசிரியர் படிக்காமல் திரையில் மட்டும் காட்டியபோது, எங்களுக்கு இந்த வழியே கைகொடுத்தது. அந்த எண்கள் இல்லாமல் மாணவரால் கணக்கைப் போட முடியாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நான்கு நொடி நிறுத்தினால், அதற்குப் பின்வரும் வசன வரிகள் அனைத்தையும் நான்கு நொடி தள்ள வேண்டும்.

விடையை முந்திச் சொல்லுதல்

நிறம் தெரிந்தவுடன் “முடிவுநிலை எட்டப்பட்டது” என்று எழுதுவது தவறு. பார்வையுள்ள மாணவர் காண்பது நிறத்தை மட்டுமே. அது முடிவுநிலைதானா என்பதை அவரே ஊகிக்க வேண்டும். குலுக்கிய பின்னும் வெளிர் சிவப்பு ஏறத்தாழ அரை நிமிடம் மறையாமல் நிற்பதுதான் முடிவுநிலையின் அடையாளம். ஆகவே, “வெளிர் சிவப்பு மறையாமல் நிற்கிறது” என்று கண்டதைச் சொல்லி நிறுத்துங்கள். அதன் பொருளை ஆசிரியர் சொல்லட்டும்.

ஒரே பொருளுக்கு இரு பெயர்கள்

ஆசிரியர் பியூரெட் என்றால் நீங்களும் பியூரெட் என்றே சொல்லுங்கள்.

நிறங்களைத் தவிர்த்தல்

தவிர்க்காதீர்கள். கேட்பவர்களில் முன்பு பார்வை இருந்தவர்களும், ஓரளவு பார்வை உள்ளவர்களும் இருக்கிறார்கள். பிறவியிலேயே பார்வையற்ற மாணவரும் தேர்வில் நிறமாற்றத்தை எழுத வேண்டும்.

எழுதியவரே சரிபார்த்தல்

படத்தைப் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டாலும் படம் அவருக்கு நினைவிலிருக்கும். பதிவுக்கு முன்பே, வரைவைக் காணொளியின் ஒலியோடு சேர்த்து வாசித்து, அந்தக் காணொளியை முன்பு கேட்டிராத பார்வையற்ற ஒருவரைக் கேட்கச் செய்யுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் பெரும்பாலும் “ஆம்” என்றே பதில் வரும். “குடுவையில் முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன மாறியது?” என்று கேளுங்கள். அவர் தயங்கும் நொடியைக் குறித்துக்கொண்டு, முதலில் அந்த இடத்தைத் திருத்துங்கள்.