ஐயாயிரம் ரூபாய் அபராதத்தோடு கணக்கு முடிவதில்லை: தாமதமான வருமான வரி ரிட்டர்னில் நேரும் தவறுகள்

கெடு கடந்து ரிட்டர்ன் தாக்கல் செய்வோர் பெரும்பாலும் தாமதக் கட்டணத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். வரி பாக்கி இருந்தால் அதன்மேல் மூன்று தனித்தனி வட்டிகள் ஏறுகின்றன என்பதும், அவை வெவ்வேறு நாளில் தொடங்குகின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2023-24 நிதியாண்டின் நடுவில், அக்டோபரில், ஒருவர் வேலை மாறுகிறார். இரண்டு இடங்களிலும் ஆறு மாதத்துக்குத் தலா 5,50,000 ரூபாய் சம்பளம். முதல் நிறுவனம் ஆண்டு முழுவதற்கும் 11 லட்சம் எனக் கணித்து 35,100 ரூபாய் டி.டி.எஸ். பிடித்தது. பழைய சம்பள விவரத்தை அவர் பார்ம் 12பி மூலம் தராததால், இரண்டாவது நிறுவனம் தன்னிடம் பெற்ற 5,50,000 ரூபாயை மட்டும் பார்த்து, வரித் தள்ளுபடிக்கு உட்பட்ட வருமானம் என்று வரி ஒன்றும் பிடிக்கவில்லை. அந்த ஆண்டின் விதிப்படி 50,000 ரூபாய் நிலைக்கழிவு போக, புதிய வரிமுறையில் 10,50,000 ரூபாய்க்கான வரி செஸ்ஸோடு 70,200 ரூபாய். எனவே பாக்கி 35,100. ரிட்டர்னுக்கான கெடு 2024 ஜூலை 31. அவர் பணம் கட்டித் தாக்கல் செய்ததோ டிசம்பர் 12.

முதல் தவறு, வட்டி முழுவதும் ஆகஸ்டில்தான் தொடங்குகிறது என்று எண்ணுவது. பிரிவு 234ஏ-இன் வட்டி மட்டுமே அப்படி. ரிட்டர்ன் தாமதமானதற்கான இந்த வட்டி மாதம் 1 சதவீதம்; ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதத்துக்கு 1,755 ரூபாய். டி.டி.எஸ். போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி மிஞ்சுமானால் அதை நிதியாண்டுக்குள்ளேயே முன்கூட்டிய வரியாகக் கட்டியிருக்க வேண்டும். 90 சதவீதம்கூடக் கட்டாதவருக்குப் பிரிவு 234பி-இன் வட்டி ஏப்ரல் 1 முதலே ஓடுகிறது. இவருக்கு ஒன்பது மாதத்துக்கு 3,159 ரூபாய். முன்கூட்டிய வரியின் நான்கு தவணைகளையும் தவறவிட்டதற்கு 234சி-இல் மேலும் 1,767 ரூபாய். (வணிக, தொழில் வருமானம் இல்லாத, இந்தியாவில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு முன்கூட்டிய வரிக் கடமை இல்லாததால், பின்னிரண்டும் அவர்களுக்குப் பொருந்தா.) வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்பதால் 234எஃப் கட்டணம் 5,000 ரூபாய். ஆக, 35,100 ரூபாய் பாக்கிக்கு மேல் 11,681 ரூபாய் கூடுகிறது. அதில் பாதிக்கு மேல் வட்டிதான்.

இரண்டாவது தவறு, நாள்கணக்கில் வட்டி போடுவது. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். இவர் நவம்பர் 30 அன்று முடித்திருந்தால் 702 ரூபாய் குறைந்திருக்கும். டிசம்பர் 1 அன்று செய்திருந்தாலும் டிசம்பர் 12-இல் செய்த அதே தொகைதான்.

மூன்றாவது தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பார்ம் 16 ஒன்று வரவில்லை, ஏதோ ஒரு தாள் கிடைக்கவில்லை என்று பணத்தையும் சேர்த்து நிறுத்தி வைக்கிறார்கள். ரிட்டர்ன் தாமதமாகலாம், பணம் தாமதமாகத் தேவையில்லை. இவர் ஜூலை 30 அன்றே பாக்கி வரியையும் அன்றுவரையிலான வட்டியையும் கட்டியிருந்தால், 234ஏ வட்டி வந்தே இராது, 234பி நான்கு மாதத்தோடு நின்றிருக்கும். 3,510 ரூபாய் மிஞ்சியிருக்கும். கெடுவுக்குமுன் கட்டிய வரிக்கு 234ஏ வட்டி கிடையாது என்று நேரடி வரிகள் வாரியமே 2015-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

நான்காவது, டிசம்பரில் 35,100 ரூபாயை மட்டும் கட்டிவிட்டு, வட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது. கட்டும் தொகை சட்டப்படி முதலில் கட்டணத்துக்கும், அடுத்து வட்டிக்கும், கடைசியில்தான் வரிக்கும் வரவு வைக்கப்படுகிறது. ஆகவே வரியில் 23,419 ரூபாய் மட்டுமே அடையும். மீதி 11,681 ரூபாய் வரி பாக்கியாகவே நின்று வட்டி வளர்க்கும். பிரிவு 143(1)-இன் கீழ் வரும் அறிவிப்பில் எதிர்பாராத தொகை கேட்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சலானில் `Self-Assessment Tax (300)` என்பதைத் தேர்ந்து, கட்டணமும் வட்டியும் சேர்த்த முழுத் தொகையையும் ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன்பே கட்ட வேண்டும். டிசம்பர் 2024-இல் கட்டினாலும் மதிப்பீட்டு ஆண்டு `2024-25` தான். அடுத்த ஆண்டைத் தேர்ந்துவிட்டால் பணம் அங்கே போய் நிற்கும், இந்த ஆண்டு பாக்கி அப்படியே தெரியும்.

இன்னொன்று, வட்டிக் கணக்கையே மாற்றிவிடக்கூடியது. வீட்டுவாடகைப் படி, 80சி முதலீடு எல்லாம் வைத்துப் பழைய வரிமுறையில் பாக்கியே வராது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. வணிக வருமானம் இல்லாதவர் பழைய முறையைத் தேர்வதென்றால், அந்த ஆண்டுக்கான கெடுவுக்குள் தாக்கல் செய்யும் ரிட்டர்னில்தான் தேர முடியும். ஆகஸ்ட் 1 விடிந்தால் புதிய முறைதான். அதனால் புதிதாக எழும் வரிக்கும் மேலே சொன்ன வட்டிகள் பொருந்தும்.