சயன்மெட்ஹீமோகுளோபின்: கிராஃபில் 15 என்று எழுதும் முன்

ரத்தத்தில் ஹீமோகுளோபினை அளக்கும் முறை இது. போன வாரம் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, செறிவு தெரிந்த ஸ்டாண்டர்டு புட்டியைத் திறந்து 20 மைக்ரோலிட்டர் எடுத்து, ரத்தத்தை நீர்க்கப் பயன்படுத்தும் ட்ராப்கின் கரைசலில் 5 மி.லி.க்குள் விட்டாள். ஓ.டி., அதாவது கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு, கிட்டத்தட்ட சைபர். "சார், கலரிமீட்டர் போயிடுச்சு" என்றாள். நானும் முதல் மாதத்தில் இதே காரியத்தைச் செய்து இதையேதான் சொன்னேன். ஸ்டாண்டர்டு ஏற்கெனவே சயன்மெட்ஹீமோகுளோபினாக, நீர்த்த நிலையில் வருகிறது, அதை ரத்தம் மாதிரி மறுபடி நீர்க்கக் கூடாது. ஆனால் இந்தத் தவறு பரவாயில்லை, ரீடிங்கே வராததால் அங்கேயே பிடிபட்டுவிடும். பைபெட் நுனியைத் துடைப்பது, குமிழி இல்லாமல் எடுப்பதெல்லாம் எல்லாரும் சொல்லித் தருவதுதான், விடுகிறேன்.

கிராஃபுக்கு ஒரு நீர்ப்பு, ரத்தத்துக்கு இன்னொரு நீர்ப்பு

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். பெரும்பாலான புட்டிகளில் 60 மி.கி./டெ.லி. என்று போட்டிருக்கும். ஓ.டி.யை ஹீமோகுளோபினாக மாற்றிப் பார்க்கும் கிராஃபில் அதை ஏன் 15 கிராம்/டெ.லி. என்று குறிக்கிறோம் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 5 மி.லி.யில் விட்டால் 251 மடங்கு நீர்க்கிறது. 60 × 251 ÷ 1000 = 15.06. அதாவது அந்த 15 புட்டிக்குள் இல்லை, நீங்கள் ரத்தத்தை எப்படி நீர்க்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதே 20 மைக்ரோலிட்டரை 4 மி.லி.யில் விட்டால் நீர்ப்பு 201 மடங்கு, அதே புட்டி அப்போது 12.06 கிராம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒருநாள் காலை, வேறொரு டெஸ்டுக்காக 4 மி.லி.யில் வைத்திருந்த டிஸ்பென்சரை யாரும் மாற்றவில்லை. நானும் பார்க்கவில்லை. கிராஃப் 5 மி.லி. கணக்கில் போட்டது, நான் ஊற்றியதெல்லாம் 4 மி.லி. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரின் ரீடிங் 0.312 வந்தது, கிராஃபில் பார்த்தால் 11.5. கர்ப்பிணிக்கு 11-க்கு மேல் என்றால் ரத்தசோகை இல்லை, நிம்மதியாக எழுதிவிட்டேன். சீனியர் அக்கா பி.சி.வி.யை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைப் பார்த்தார், 28 சதவீதம். 11.5-ஐ 28-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் எம்.சி.எச்.சி., அதாவது சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் செறிவு, 41. வழக்கமாக அது 32 முதல் 36 வரைதான் இருக்கும். "இவ்வளவு ஹீமோகுளோபினை எந்த சிவப்பணுவும் அடக்காதுப்பா, திரும்பப் போடு" என்றார். 5 மி.லி.யில் போட்டேன். 0.250, அதாவது 9.2.

சிகிச்சை வேண்டிய ஒருவரை நன்றாக இருக்கிறார் என்று அனுப்ப இருந்தோம். அன்றைய எல்லா சாம்பிளுமே கால் பங்கு கூடுதலாக வந்திருந்தது, எல்லாம் சேர்ந்து ஏறியதால் எதுவும் தனித்துத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் காலையில் ஒரு தடவை தண்ணீரை டிஸ்பென்ஸ் செய்து தராசில் வைத்துவிடுவேன், 5 மி.லி. என்றால் ஏறக்குறைய 5 கிராம் காட்ட வேண்டும். அப்புறம் மதிப்பு தெரிந்த கண்ட்ரோல் ரத்தம் ஒன்று. அதை விட்டுவிட்டு ஸ்டாண்டர்டை மட்டும் திரும்பத் திரும்ப ரீட் செய்து பயனில்லை, அது உங்கள் டிஸ்பென்சருக்குள் போவதே இல்லையே.

இரண்டு புள்ளி வைத்துக் கோடு இழுப்பது

ஸ்டாண்டர்டை 5, 4, 3, 2, 1 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றையும் ட்ராப்கின்னால் 5 மி.லி. ஆக்குங்கள். 15, 12, 9, 6, 3 கிராம் கிடைக்கும், வெறும் ட்ராப்கின் சைபர். 540 நானோமீட்டரில், 1 செ.மீ. க்யூவெட்டில், நல்ல ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்றால் 15-க்கு சுமார் 0.41 வரும், 9-க்கு 0.25. ஃபில்டர் வைத்த கலரிமீட்டரில் எண் கொஞ்சம் மாறலாம், ஆனால் கோடு நேராக சைபர் வழியே போக வேண்டும். ஒரு புள்ளி விலகினால் அதைச் சமாளித்துக் கோட்டை வளைக்காதீர்கள், அந்தக் குழாயைத் திரும்பத் தயாரியுங்கள். லாம்பு மாற்றினால் புது கிராஃப்.

கலங்கலாக இருக்கும் குழாய்

வெள்ளணு மிக அதிகமாக இருந்தாலோ ரத்தத்தில் கொழுப்பு மிதந்தாலோ கரைசல் கலங்கி ஹீமோகுளோபின் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். இங்கேயும் எம்.சி.எச்.சி. எகிறும், ஆனால் அந்த ஒரு சாம்பிளில் மட்டும். டிஸ்பென்சர் தவறிலிருந்து பிரித்துப் பார்க்க அதுதான் வழி. வெள்ளணு காரணமென்றால் சென்ட்ரிஃப்யூஜ் செய்து மேலே தெளிந்ததை ரீட் செய்யலாம்.

ட்ராப்கின்னை ஃப்ரீசரில் வைப்பது

கூடாது. உறைந்தால் கெட்டுவிடும், பழுப்பு புட்டியில் வெளிச்சம் படாமல் வையுங்கள்.

அமிலக் கழிவோடு கொட்டுவது

உள்ளே சயனைடு இருக்கிறது, அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகக் கிளம்பும்.