விழுந்ததை எழுதும்போது "ஆல்" வேண்டாம்

வாட்டில் ஒரு நோயாளர் விழுந்துவிட்டால் சம்பவ அறிக்கை எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கடமைக்கு வரும் தாதிய உத்தியோகத்தர்களுக்கு நான் முதலில் காட்டுவது கீழே உள்ளது போன்ற ஒரு பந்தியைத்தான். விளக்கத்துக்காக நானே அமைத்தது. ஆனால் இதே அச்சில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

"இரவு 2 மணியளவில் 14ஆம் கட்டில் ஐயா, சொன்னதைக் கேட்காமல் தனியாக எழும்பி மலசலகூடத்துக்குப் போகும்போது, தரை ஈரமாக இருந்ததால் வழுக்கி விழுந்துவிட்டார். பெரிய காயம் எதுவும் இல்லை. வைத்தியருக்கு அறிவிக்கப்பட்டது."

வாசிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. எழுதியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளை, அவர் விழுந்ததைக் கண்டனீரோ?" "இல்லை மிஸ், நான் மேசையடியில நிண்டனான், சத்தம்தான் கேட்டது." அப்படியென்றால் வழுக்கியது, எழும்பிய நோக்கம், போன திசை எல்லாம் ஊகம். கண்டது ஒன்றுதான்: ஐயா நிலத்தில் கிடந்தார். ஆகவே "விழுந்தார்" என்பதற்குப் பதிலாக "சத்தம் கேட்டுப் போனேன், நிலத்தில் கிடக்கக் கண்டேன்" என்று எழுத வேண்டும்.

அடுத்தது "ஈரமாக இருந்ததால்". தமிழில் காரணம் ஓர் "ஆல்" உருபாக வந்து ஒட்டிக்கொள்ளும், எழுதுகிறவருக்கே தெரியாது. தண்ணீர் நின்றது உண்மையாக இருக்கலாம். அதனால்தான் விழுந்தார் என்பது முடிவு. அந்த ஓர் உருபு விசாரணையைத் தரை துடைத்த சிற்றூழியர் பக்கம் திருப்பிவிடும். இங்கே ஐயாவிடம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பது வேறு: "எழும்பினன், தலை சுத்திச்சுது." அன்று மாலை அவருக்குப் புதிய பிறஷர் மருந்து தொடங்கியிருந்தது. படுத்திருக்கும்போது 124/76 இருந்த பிறஷர், வைத்தியர் பார்த்தபின் மெல்ல எழுப்பி இருத்தியபோது 96/60. மேல் அளவு 20க்கு மேல் குறைந்தால் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். தண்ணீரையே காரணமாக எழுதியிருந்தால் அந்த மருந்தை ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். நாளை இரவும் அதே ஐயா எழும்புவார்.

"சொன்னதைக் கேட்காமல்" என்பது குற்றச்சாட்டு. சொன்னது உண்மையென்றால் யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் என்ன மறுமொழி சொன்னார் என்பதையும் சேருங்கள்.

எனக்கு மிகவும் பயமூட்டும் வரி "பெரிய காயம் எதுவும் இல்லை". நிலத்தில் கிடந்தவரின் தலை அடிபட்டதா என்று யாரும் காணவில்லை. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவராக இருந்தால், உள்ளே கசியும் இரத்தம் பல மணி நேரம் கழித்தும் தன்னைக் காட்டலாம். ஆகவே எங்கே பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்பதை எழுதுங்கள். ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் அதையே எழுதுங்கள். "இடுப்பெலும்பு முறிவு" என்று எழுத எக்ஸ்றே வர வேண்டும்.

"அறிவிக்கப்பட்டது" என்பதில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. இரண்டையும் போட்டு, அதே சம்பவத்தை இப்படி எழுதலாம்:

"02.10க்குத் தாதியர் மேசையில் இருந்தபோது சத்தம் கேட்டது. 14ஆம் கட்டிலின் இடது பக்கம் நோயாளர் வலப்புறமாக நிலத்தில் கிடக்கக் கண்டேன். விழுந்ததை நான் காணவில்லை. கட்டிலின் இடது பக்கத் தடுப்பு இறக்கியிருந்தது. காலில் செருப்பு இல்லை. கட்டிலிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்தில் நிலத்தில் தண்ணீர் இருந்தது. நோயாளர் கூறியது: 'எழும்பினன், தலை சுத்திச்சுது.' ஜி.சி.எஸ். 15. வலது புருவத்துக்கு மேல் 2 செ.மீ. வீக்கம், வேறு காயம் கண்ணுக்குத் தெரியவில்லை. 02.14க்குக் கடமை வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவித்தேன், 02.25க்கு வந்து பார்த்தார்."

தண்ணீரும் இதில் இருக்கிறது, தலைச்சுற்றும் இருக்கிறது. எது காரணம் என்று தீர்மானிப்பது விசாரிப்பவரின் வேலை.

"ஆள் பற்றாக்குறையால்தான் நடந்தது" என்று எழுதக் கை துடிக்கும், எனக்கும் துடித்திருக்கிறது. அதையும் உருபில்லாமல் எழுதலாம்: "இரவுக் கடமையில் தாதியர் இருவர், வாட்டில் நோயாளர் 38 பேர். 02.10க்கு மற்றத் தாதியர் 3ஆம் கட்டிலில் சலைன் மாற்றிக்கொண்டிருந்தார்." அந்த எண்ணை ஒருவரும் உங்கள் அபிப்பிராயம் என்று தள்ளிவிட முடியாது.

கடமை முடியுமுன், கண்டவரே எழுத வேண்டும். பிழைத்தால் வாசிக்கக்கூடியதாக ஒரு கோடு கீறி, கையொப்பமும் நேரமும் இடுங்கள்; வெள்ளை மை பூசாதீர்கள். விடிந்தபின் நினைவுக்கு வந்ததை 02.10 பந்திக்குள் செருகாமல், "06.40க்கு எழுதுவது" என்று கீழே தனியாகச் சேருங்கள்.