லோன் அப்ளிகேஷன்ல பிசினஸ் பிளான் எழுதும்போது கடைசி பாராவை முதல்ல எழுதுங்க

சின்ன கடனுக்கு அப்ளை பண்றவங்க பெரும்பாலும் பிளானை மேல இருந்து கீழ எழுதுவாங்க. முதல்ல தொழிலைப் பத்தி நாலு வரி, அப்புறம் மார்க்கெட், அப்புறம் செலவு, கடைசியா "மாதாமாதம் தவறாமல் கட்டிவிடுவேன்"னு ஒரு வரி. ஆனா கடன் குடுக்கறவர் முதல்ல தேடுறதே அந்தக் கடைசி விஷயத்தைத்தான். நான் முதல் தடவை எழுதினப்போ அப்ளிகேஷன் திரும்பி வந்துச்சு, ஓரத்துல பென்சில்ல "இந்த எண் எப்படி வந்தது?"ன்னு மூணு இடத்துல எழுதியிருந்தாங்க. அதுல இருந்து நான் தவணையில ஆரம்பிச்சு பின்னாடி போய்த்தான் எழுதுறேன், அதையே இங்க ஒரு உதாரணத்தோட காட்டுறேன்.

உதாரணத்துக்கு ஒரு ஆல்டரேஷன் கடை. ஒருத்தர், ஒரு தையல் மெஷின். இன்னொரு மெஷின் வாங்க 60,000 கடன் கேக்கிறாரு. நாணயம் எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான், அதனால வெறும் எண்ணா மட்டும் போடுறேன்.

ஸ்டெப் 1: தவணை எவ்வளவுன்னு கண்டுபிடிங்க

வருஷத்துக்கு 12% வட்டி, 24 மாசம்னு வச்சுக்கோங்க. ஸ்ப்ரெட்ஷீட்ல இப்படிப் போட்டா மாசத் தவணை வந்துரும்:

```
=PMT(12%/12,24,-60000)
```

2,824 வரும். இது குறையும் பாக்கிக்கு வட்டி போடுற கணக்கு. சில இடங்கள்ல முழு அசலுக்கும் கடைசி மாசம் வரைக்கும் வட்டி போடுவாங்க, ஃப்ளாட் ரேட்னு சொல்வாங்க, அதுல 12%ன்னு சொன்னாலும் தவணை கூடத்தான் வரும். எந்த முறைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம ஒரு வரி கூட எழுதாதீங்க.

ஸ்டெப் 2: மார்க்கெட்டை எண்ணுங்க

"எங்க ஏரியாவுல ஆயிரக்கணக்கான பேர் இருக்காங்க, எல்லாருக்கும் துணி தைக்கணும்"னு எழுதினா அதை யாரும் நம்ப மாட்டாங்க, ஏன்னா அந்த ஆயிரம் பேர்ல உங்க கடைக்கு யார் வருவாங்கன்னு அதுல இல்ல. அதுக்குப் பதிலா ஒரு நோட்டு எடுத்து, நேரம் இல்லைன்னு நீங்க திருப்பி அனுப்புற ஒவ்வொரு வேலையையும் ஒரு மாசத்துக்கு குறிச்சு வைங்க, தேதி, என்ன வேலை, அவ்வளவு போதும். நம்ம கடைக்காரர் 24 வேலை நாள்ல 168 வேலையைத் திருப்பி அனுப்பியிருக்காரு. நாளைக்கு 7.

ஆனா பிளான்ல 7ன்னு போடக்கூடாது. பகுதிநேரமா ஒரு ஆளை நாளைக்கு 2 மணி நேரம் வைக்கப் போறாரு, ஒரு வேலைக்கு சராசரி 25 நிமிஷம் ஆகுது, அப்போ 120 நிமிஷத்துல 4 வேலைதான் முடியும். டிமாண்ட் 7, கை செய்யக்கூடியது 4, எழுதுறது 4. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதுங்க, இவர் கூட்டிச் சொல்லலன்னு படிக்கிறவருக்கு அங்கயே தெரிஞ்சுரும்:

"கடந்த ஒரு மாதத்தில் நேரமின்றித் திருப்பி அனுப்பிய வேலைகள் 168 (குறிப்பேட்டு நகல் இணைப்பில்). இரண்டு மணி நேரப் பணியாளரால் நாளொன்றுக்கு 4 வேலைகளே முடியும் என்பதால், அந்த 4 மட்டுமே இக்கணக்கில் கொள்ளப்பட்டுள்ளது."

ஸ்டெப் 3: செலவு

இங்க ரெண்டு கணக்கு இருக்கு, ஒண்ணோட ஒண்ணு கலந்துறக் கூடாது. ஒருமுறை ஆகுற செலவு: மெஷின் 55,000, மேசை, கரண்ட் வேலை, ஏத்து இறக்குக் கூலி எல்லாம் சேர்த்து 7,000, நூல் ஜிப் முதல் ஸ்டாக் 4,000, கையில ரொக்கமா 6,000. மொத்தம் 72,000, அதுல 12,000 சொந்தப் பணம். மெஷினுக்கு ரெண்டு கடையில கொட்டேஷன் வாங்கி இணைச்சுருங்க. அந்த 6,000ஐ "இதர செலவு"ன்னு எழுதிடாதீங்க, அந்த வார்த்தையைப் பார்த்தாலே சந்தேகம் வரும், அது எதுக்குன்னு நாலாவது ஸ்டெப்ல சொல்றேன்.

மாசா மாசம் வர்றது: ஒரு வேலைக்கு வாங்குறது 80, அதுல நூல், ஜிப், கரண்ட் 15 போக 65 நிக்குது. நாளைக்கு 4, மாசம் 96 வேலை, அப்போ 6,240. பகுதிநேர ஆள் சம்பளம் 1,800, மெஷின் சர்வீஸுக்கு 200. மிச்சம் 4,240. பழைய மெஷின்ல வர்ற வருமானத்தை இதுல சேர்க்கவே இல்ல, ஏன்னா அது வீட்டுச் செலவுக்குப் போகுது. அதையும் ஒரு வரியில எழுதிருங்க, எழுதலைன்னா "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"ன்னு கேள்வி வரும்.

ஸ்டெப் 4: டல் மாசத்தை வச்சு சோதிங்க

4,240 வருது, தவணை 2,824, பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஒன்றரை மடங்கு. நிறைய பேர் இங்கயே நிறுத்திருவாங்க. வேலை கால்வாசி குறையுற மாசத்தை எடுத்துப் பாருங்க. 96 இல்ல, 72. 72 × 65 = 4,680, ஆள் சம்பளமும் சர்வீஸும் குறையாது, 2,000 போக 2,680. தவணைக்கு 144 பத்தாது!

இது உங்க டேபிள்லயே தெரிஞ்சதுதான் நல்லது. விற்பனை எண்ணை ஏத்தி இதைச் சரி பண்ணாதீங்க, அப்படிப் பண்ணினா ஸ்டெப் 2ல எழுதின 4 பொய்யாயிரும். காலத்தை 30 மாசமாக்குங்க, தவணை 2,325க்கு இறங்கும். மொத்த வட்டி கிட்டத்தட்ட 1,960 கூடும், ஆனா டல் மாசத்துலயும் 355 கையில நிக்கும். ஃப்ளாட் ரேட்டா இருந்தா இதே 30 மாசத்துக்கு தவணை 2,600, டல் மாசத்துல வெறும் 80தான் மிஞ்சும், அதனாலதான் முதல்லயே கேக்கச் சொன்னேன்.

இப்போ அந்த 6,000. முதல் மாசம் நாளைக்கு 4 வேலை வந்துராது, 2ன்னு வச்சுக்கோங்க. 48 வேலைக்கு 3,120, செலவு போக 1,120, தவணைக்கு 1,205 குறையும். அது இந்த 6,000ல இருந்து போகும், போனதுக்கு அப்புறமும் ரெண்டு தவணை கட்டுற அளவுக்கு மிச்சம் இருக்கும், மெஷின் ரிப்பேராகி நின்னாலோ உடம்பு முடியலைன்னாலோ அதுதான் காப்பாத்தும். அதனால அதுக்கு "தொடக்க மாதத் தவணைக் கையிருப்பு"ன்னு பேர் வச்சு எழுதுங்க. கடைசி பாரா இப்படி வரும்:

"வழக்கமான மாதத்தில் தவணைக்கு முன் மிச்சம் 4,240, வேலை கால் பங்கு குறைந்தால் 2,680. தவணை 2,325. முதல் மாதப் பற்றாக்குறை 1,205 கையிருப்பிலிருந்து செலுத்தப்படும்."

ஸ்டெப் 5: எண்களை மட்டும் ஒருமுறை படிங்க

எழுத்தை விட்டுட்டு எண்களை மட்டும் ஒரு தாள்ல எடுத்து எழுதிப் பாருங்க. மார்க்கெட் பாராவுல 4, வருமான டேபிள்ல 5ன்னு இருக்கும், காலத்தை 30 ஆக்கியிருப்பீங்க ஆனா ஃபாரத்துல இன்னும் 24ன்னு நிக்கும், ஏன்னா கடைசியில மாத்தினதை ஒரு இடத்துல மட்டும் மாத்தியிருப்போம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துல அது நோட்டுல இருந்து வந்துச்சா, கொட்டேஷன்ல இருந்தா, கணக்குப் போட்டதான்னு ஒரு வார்த்தை எழுதுங்க. எதுக்கு எழுத முடியலையோ அந்த எண்ணை எடுத்துட்டு, திரும்ப எண்ணிப் பார்த்துட்டுப் போடுங்க.