ஏலக்காய் ஒன்று, இலாபம் இரண்டு: விலை ஏறும் ஆண்டில் சரக்கிருப்பை மதிப்பிடும் முறை

பினாங்கில் லெபோ பசார் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு ஆண்டுக் கணக்கு எழுதிக் கொடுத்தபோது, ஒரே சரக்குக்கு இரண்டு இலாபத் தொகைகளை முதலாளி முன் வைத்தேன். அவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, கல்லாவில் இருக்கிற பணம் ஒன்றுதானே? இலாபம் மட்டும் எப்படி இரண்டாகும்?" என்றார். அதற்கு அன்று நான் தாளில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களை மட்டும் எளிதாக வகுபடும்படி மாற்றியிருக்கிறேன்.

படி 1: வந்த சரக்கை வரிசையாக எழுதுங்கள்

ஏலக்காயை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜனவரி 1 அன்று கடையில் 40 கிலோ இருந்தது; அதன் அடக்கவிலை கிலோ 100 ரிங்கிட். மார்ச்சில் 60 கிலோ, 110 ரிங்கிட்டுக்கு வந்தது. ஜூனில் 50 கிலோ, 130 ரிங்கிட்டுக்கு வந்தது. ஆக மொத்தம் 150 கிலோ, 17,100 ரிங்கிட்.

அடக்கவிலை என்றால் விற்றவர் போட்ட விலை மட்டும் அன்று. சரக்கைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கப்பல் கூலி, லாரிக் கூலி, திரும்பக் கிடைக்காத சுங்க வரி எல்லாம் அதில் சேரும். இதை விட்டுவிட்டால் பின்னால் எந்த முறையில் கணக்குப் போட்டாலும் பயனில்லை.

படி 2: ஆண்டு முடிவில் எண்ணுங்கள்

டிசம்பர் 31 அன்று தராசில் நிறுத்தபோது 40 கிலோ மீதி. விற்றது 110 கிலோ, கிலோ 150 ரிங்கிட் வீதம் 16,500 ரிங்கிட் வரவு. இதுவரை தகராறு இல்லை. 17,100 ரிங்கிட்டில் எவ்வளவு மீதிச் சரக்கின் மேல் நிற்கிறது, எவ்வளவு விற்ற சரக்கோடு போனது என்று பிரிப்பதில்தான் வழி இரண்டாகிறது.

படி 3: முதலில் வந்தது முதலில் போகும் (ஃபைஃபோ)

பழைய சரக்கே முதலில் விற்றதாக வைத்துக்கொள்ள வேண்டும். விற்ற 110 கிலோவில் 40 கிலோ 100 ரிங்கிட் சரக்கு, 60 கிலோ 110 ரிங்கிட் சரக்கு, எஞ்சிய 10 கிலோ 130 ரிங்கிட் சரக்கு. 4,000, 6,600, 1,300 மூன்றையும் கூட்டினால் 11,900. மீதி 40 கிலோவும் ஜூன் சரக்கு என்பதால் இறுதிச் சரக்கிருப்பு 5,200. மொத்த இலாபம் 16,500 கழித்தல் 11,900, அதாவது 4,600 ரிங்கிட்.

அலமாரியில் உண்மையிலேயே எந்த மூட்டை முதலில் பிரிக்கப்பட்டது என்பது இங்கே கேள்வியே இல்லை. கடைப் பையன் புது மூட்டையை முதலில் திறந்திருந்தாலும் கணக்கு மாறாது.

படி 4: நிறையிட்ட சராசரி

மொத்தத் தொகையை மொத்தக் கிலோவால் வகுக்க வேண்டும்: 17,100 ÷ 150 = 114 ரிங்கிட். விற்ற சரக்கின் அடக்கவிலை 110 × 114 = 12,540. இறுதிச் சரக்கிருப்பு 40 × 114 = 4,560. மொத்த இலாபம் 3,960.

கணினித் தாளில் B நெடுவரிசையில் கிலோவும் C நெடுவரிசையில் விலையும் இருந்தால் சராசரிக்கு இது போதும்:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUM(B2:B4)
```

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். 100, 110, 130 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 113.33 என்று எழுதிவிடுவார்கள். 60 கிலோவுக்கும் 40 கிலோவுக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பது அது. பிழையைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு: விற்ற சரக்கின் அடக்கவிலையையும் இறுதிச் சரக்கிருப்பையும் கூட்டினால் 17,100 வர வேண்டும். 113.33-ஐப் போட்டால் ஏறத்தாழ 17,000தான் வரும். 100 ரிங்கிட் காற்றில் போயிருக்கும்.

படி 5: 640 ரிங்கிட் எங்கிருந்து வந்தது?

இரண்டு இலாபத்துக்கும் இடையே 640 ரிங்கிட். இறுதிச் சரக்கிருப்பு இரண்டுக்கும் இடையேயும் அதே 640. மீதி 40 கிலோவின் மேல் கிலோவுக்கு 130 போட்டோமா, 114 போட்டோமா என்ற 16 ரிங்கிட் வேறுபாடே அது. விலை ஏறும்போது ஃபைஃபோ பழைய மலிவான விலையை விற்பனையோடு அனுப்பிவிட்டு, புதிய உயர்ந்த விலையைக் கிடங்கில் நிறுத்துகிறது. அதனால் இலாபம் பெருத்துத் தெரிகிறது. கல்லாப் பணம் ஒரு சென்கூட மாறவில்லை. முதலாளி கேட்டது சரிதான். மாறுவது வரி மட்டும். சிறு நிறுவனமாகப் பதிந்து 15 விழுக்காட்டுப் படியில் இருந்தால், இந்த 640-க்கு 96 ரிங்கிட் வரியை இந்த ஆண்டே கட்ட வேண்டிவரும்.

இந்த ஆண்டே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த ஆண்டு புதிதாக எதுவும் வாங்காமல் அந்த 40 கிலோவைக் கிலோ 160 ரிங்கிட்டுக்கு விற்றுத் தீர்த்தால் 6,400 வரும். ஃபைஃபோவில் இலாபம் 1,200, சராசரியில் 1,840. இரண்டு ஆண்டுகளையும் கூட்டிப் பாருங்கள்: இரண்டு முறையிலும் 5,800. இந்த ஆண்டின் இறுதிச் சரக்கே அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்கு என்பதால் 640 அப்படியே திரும்பிவிடுகிறது. கடை தொடர்ந்து சரக்கு வாங்கிக்கொண்டே இருந்தால், அடுத்த டிசம்பரில் புதிய இடைவெளி ஒன்று உருவாகும். அப்போது அந்த ஆண்டின் இலாப வேறுபாடு, புதிய இடைவெளியிலிருந்து பழைய 640-ஐக் கழித்தால் வருவது மட்டுமே.

முதலாளியிடம் இன்னொன்றும் சொன்னேன். 4,600 இலாபம் என்று முழுவதையும் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடக் கூடாது. விற்ற 110 கிலோவை ஜூன் விலையில் மறுபடி நிரப்பவே 14,300 ரிங்கிட் வேண்டும். 16,500-இல் கையில் நிற்பது 2,200தான். சராசரி முறை காட்டும் 3,960கூட அந்த வகையில் அதிகமே.

கடை மென்பொருள் வேறு எண் காட்டினால்

பயப்பட வேண்டாம். பல மென்பொருள்கள் ஒவ்வொரு கொள்முதலுக்கும் சராசரியைப் புதுப்பிக்கும். மார்ச் கொள்முதலுக்குப் பின் சராசரி 106. ஜூனுக்கு முன் 70 கிலோ விற்றிருந்தால் 7,420 போய்விடும். மீதி 30 கிலோவோடு ஜூன் சரக்கு சேர, 80 கிலோவுக்குச் சராசரி 121. பின்னர் விற்ற 40 கிலோவுக்கு 4,840. ஆக அடக்கவிலை 12,260, இலாபம் 4,240. நகரும் சராசரி எனப்படும் இது, நம் எடுத்துக்காட்டில் ஃபைஃபோவுக்கும் ஆண்டுச் சராசரிக்கும் நடுவே விழுகிறது.

எதைத் தேர்வது?

மலேசியாவில் தனியார் நிறுவனங்கள் பின்பற்றும் எம்.பி.ஈ.ஆர்.எஸ். கணக்கியல் தரமும், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் போன்றவற்றுக்கான எம்.எஃப்.ஆர்.எஸ். 102-உம் இந்த இரண்டு முறைகளையும் ஏற்கின்றன. கடைசியில் வந்தது முதலில் போகும் என்ற மூன்றாவது முறைக்கு இரண்டிலும் இடமில்லை. ஒரே வகைச் சரக்குக்கு ஒரே முறைதான். இலாபம் குறைந்த ஆண்டில் ஃபைஃபோ, கூடிய ஆண்டில் சராசரி என்று தாவ முடியாது.

விலை திடீரென்று சரிந்தால் ஃபைஃபோ போட்டவருக்கு ஒரு வேலை கூடும். ஆண்டு முடிவில் ஏலக்காயை விற்றால் செலவு போகக் கிலோவுக்கு 125 ரிங்கிட்தான் கிடைக்கும் என்றால், 5,200 என்று எழுதிய இருப்பை 5,000 ஆகக் குறைத்து, அந்த 200-ஐ நட்டமாக எழுத வேண்டும். 114-இல் நிற்கும் சராசரிக்காரர் அந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டியதில்லை. முதலாளி இதைக் கேட்டதும் சராசரித் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.